ஆரத்தித் தட்டும் வேட்டிக் கறையும்

கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்ற வந்தவர் வாளியைக் கொஞ்சம் அவசரமாகத் திருப்பினார். கரண்டியில் மிச்சமிருந்தது என் வேட்டியில், தொடைக்கு நேராக, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு விழுந்தது. பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா, "எந்திரிச்சதும் சோப்புப் போட்டுடு, இல்லன்னா போகாது" என்றார். கை கழுவும் இடத்தில் ஒரு துண்டு சோப்பு கிடந்தது. ஈரமாக்கித் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை, கண்ணெதிரே வெற்றிலைச் சாறு துப்பியதுபோல் சிவந்துவிட்டது. "கெடுத்துட்டியேடா" என்றார் பெரியப்பா.

கெடவில்லை. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை மண்டப வாசலிலேயே இருந்தது. மணமக்களுக்குச் சுற்றிய ஆரத்தித் தட்டில் இருந்த சிவப்புத் தண்ணீரில் மஞ்சள்தூளும் சுண்ணாம்பும் தவிர வேறொன்றும் கிடையாது. சுண்ணாம்பு காரம். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சள் தோய்த்த தாளைக் காரத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தியது சிலருக்கு நினைவிருக்கலாம். குளியல் சோப்பும் சலவை சோப்புக் கட்டியும் காரத்தன்மை உள்ளவை. என் வேட்டியில் நடந்தது ஒரு சின்ன ஆரத்திதான். புதிய கறை எதுவும் அங்கே உண்டாகவில்லை. பழைய கறை நிறத்தை மாற்றிக்கொண்டது, அவ்வளவே.

இந்தக் குர்குமினின் குணம் தெரிந்துவிட்டால் கறையோடு மல்லுக்கட்டுவது பாதியாகக் குறையும். மஞ்சள்தூளில் அது நூற்றுக்குச் சில பங்குதான் இருக்கிறது. 1815இலேயே மஞ்சளிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஆனால் அதன் கட்டமைப்பை அறிய 1910 வரை ஆயிற்று. இரண்டு பக்கமும் இரண்டு வளையங்கள், நடுவில் ஏழு கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலிதான் நீல ஒளியை விழுங்கி நமக்கு மஞ்சளைக் காட்டுகிறது. சங்கிலி அறுந்தால் நிறம் போச்சு. அறுந்த துண்டுகளுள் ஒன்று வெனிலின், ஐஸ்கிரீமில் வெனிலா மணம் தருகிற அதே பொருள். வேட்டியை முகர்ந்து பார்க்க வேண்டாம், மணக்கும் அளவுக்கெல்லாம் அங்கே இருக்காது.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால்தான் வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் கறை அசைவதில்லை. பருத்தியோடு அதற்கு ஒட்டுறவும் அதிகம். பல இயற்கைச் சாயங்களுக்குப் படிகாரம் போன்ற ஒன்று இடையில் நின்று நூலைப் பிடித்துக்கொடுக்க வேண்டும். மஞ்சளுக்கு அது தேவையில்லை, தானே நூலில் ஏறிக்கொள்ளும். அப்படியிருந்தும் துணிச் சாயமாக மஞ்சளுக்குப் பெரிய பெயர் இல்லை, வெயிலில் நிற்காது என்பதே காரணம். மஞ்சள் தேய்த்த தாலிக்கயிறு சில நாளில் வெளுப்பதும், வேண்டுதலுக்காக மஞ்சள் நீரில் நனைத்த புடவை நாலைந்து முறை காய்ந்ததும் சாயம் இறங்கிப்போவதும் வீட்டில் பார்த்ததுதான். சாயக்காரருக்குக் குறையாக இருப்பது கறைக்காரருக்கு வரம்.

வேட்டிக்கு வருவோம். வீட்டுக்கு வந்ததும் முதலில் கறையின் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை விட்டேன். முன்பக்கம் விட்டால் பருப்பும் தூளும் நூலுக்குள் இன்னும் இறங்கும். அடுத்தது எண்ணெய். சாம்பாரில் தாளித்த எண்ணெய்தான் குர்குமினைச் சுமந்து வந்த வண்டி. பாத்திரம் துலக்கும் திரவம் நாலு சொட்டு விட்டு விரலால் மெல்லத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு அலசினேன். அதன் பிறகு சலவை சோப்பு. கறை மறுபடி சிவந்தது. கால் மணி நேரம் அப்படியே விட்டேன். சிவந்த நிலையில் குர்குமின் மின்னூட்டம் பெற்று மஞ்சளாக இருந்தபோது இருந்ததைவிடத் தண்ணீரோடு கலந்து வரத் தயாராக இருக்கும். போதாதற்குக் காரத்தில் அது மெல்லச் சிதையவும் செய்யும். ஆகவே சிவப்பைக் கண்டு கை நடுங்கக் கூடாது, அதுதான் வேலை நடக்கும் நேரம். அலசிய தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. காரம் போனதும் துணியில் வெளிர்மஞ்சளாக ஒரு வட்டம் மிஞ்சியது.

இந்த இடத்தில்தான் பலர் எலுமிச்சம்பழத்தை எடுப்பார்கள். சிவப்பின் மேல் எலுமிச்சை பட்டதும் கறை சட்டென்று வெளிறி மஞ்சளாவதைப் பார்த்து, பாதி போய்விட்டது என்று நம்புவார்கள். எதுவும் போகவில்லை. ஆரத்தி மறுபடி மஞ்சள் தண்ணீராகியிருக்கிறது. சொல்லப்போனால் குர்குமின் அமிலத்தில்தான் சௌகரியமாக, சிதையாமல் இருக்கும். எலுமிச்சை தேய்த்து வெயிலில் போட்டுக் கறை போனதென்றால் புகழ் வெயிலுக்குச் சேர வேண்டும். வினிகரும் சமையல் சோடாவும் கலந்து பொங்கவிடும் வித்தையும் இப்படித்தான்: அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு நுரையை மட்டும் நமக்கு விடுகின்றன.

நான் வேட்டியை உதறி, ஈரம் சொட்டச் சொட்ட, கறைப் பக்கம் வானத்தைப் பார்க்க மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். மணி பதினொன்று. இரண்டு மணிக்குப் பார்த்தபோது வட்டம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. காய்ந்த துணியைவிட ஈரத்துணியில் வேகமாக வெளுக்கிறது என்பது என் அனுபவம், அதனால் நடுவில் ஒருமுறை தண்ணீர் தெளித்தேன். மறுநாள் இன்னும் இரண்டு மணி நேரம். மஞ்சள் போய், ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது.

மிஞ்சியது மஞ்சள்தானா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஈரச் சோப்பை அந்த இடத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சிவந்தால் குர்குமின் இன்னும் இருக்கிறது, மறுபடி வெயில் வேண்டும். சிவக்காவிட்டால் அது எண்ணெயோ புளியோ, வேறு கணக்கு. என் வளையம் சிவக்கவில்லை. பாத்திரத் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் அதை முடித்துவைத்தன. இந்தச் சோதனையைச் செய்யாமல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள். மிச்ச எண்ணெய் சூட்டில் நூலோடு இறுகிவிட்டால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. நீலம் போடுவதும் தீர்வாகாது. மஞ்சளை நீலம் கண்ணுக்கு மறைக்கும், துணியிலிருந்து எடுக்காது.

மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? வெள்ளைப் பருத்திக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. பெரும்பாலும் 6 சதவீதமாகக் கிடைக்கும். அதில் சம அளவு தண்ணீர் கலந்து கறையை நனைத்து அரைமணி நேரம் வைத்து அலசலாம். சோப்பு அலசலுக்குப் பிறகு செய்தால் பலன் அதிகம். குளோரின் பிளீச் இன்னும் வேகமானது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, பத்து நிமிடம், அதற்கு மேல் வைத்தால் நூல் நலியும். பட்டு, கம்பளி இரண்டுக்கும் அது ஆகவே ஆகாது, வேட்டியின் வண்ணக்கரையும் வெளுத்துவிடும். பிளீச் இருக்கும் வாளியில் எலுமிச்சையோ வினிகரோ ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். எலுமிச்சையைப் பற்றி நான் இவ்வளவு குறை சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிளாஸ்டிக் டப்பாவின் கதை வேறு. துணியில் மஞ்சள் நூலின் மேல் ஏறி உட்காருகிறது, டப்பாவில் சுவருக்குள்ளேயே குடியேறுகிறது. நாம் சோறு கட்டும் டப்பாக்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். எண்ணெயின் உறவுக்காரப் பொருள் அது. பெட்ரோலியத்திலிருந்து வந்தது, தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைச் சேர்த்துக்கொள்ளும். அதன் மூலக்கூறு இழைகளுக்கு இடையே சந்துகள் உண்டு. சூடு ஏற ஏற இழைகள் அசைந்து சந்துகள் விரியும். கொதிக்கும் குழம்பை நேராக ஊற்றி மூடினால் எண்ணெயோடு குர்குமின் உள்ளே போகும், ஆறியதும் சிக்கிக்கொள்ளும். மைக்ரோவேவ் இன்னும் மோசம். மேலே மிதக்கும் எண்ணெய் தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டிச் சூடாகிச் சுவரைப் பொரித்து, எண்ணெய் மட்டம் நின்ற உயரத்தில் சொரசொரப்பான ஒரு வளையத்தை விட்டுவிடும். விரலால் தடவினால் தெரியும்.

உள்ளே போனதைச் சோப்பு எட்டாது. தேங்காய் நார் போட்டுத் தேய்ப்பவர்கள் கீறல்களைத்தான் சம்பாதிக்கிறார்கள். அடுத்த குழம்புக்கு அவை வாய்க்கால். எண்ணெயை எண்ணெயால் எடுப்பதே முறை. காய்ந்த டப்பாவில் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயைத் தடவி அரைமணி நேரம் வைத்துப் பழந்துணியால் துடைத்தால் துணியில் மஞ்சள் இறங்கும். தண்ணீர் படுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு பாத்திரத் திரவமும் வெந்நீரும். மிஞ்சுவதற்கு மறுபடி வெயில்தான். ஒளி புகும் டப்பாவானால் சுவரின் ஆழம்வரை போய் வேலை செய்யும். மொட்டைமாடி இல்லாதவர்கள் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் போதும். குர்குமின் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியையே விழுங்குவதால் கண்ணாடி அதைத் தடுத்துவிடாது, ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகப் போடுங்கள், அதன் பள்ளத்தில்தான் பிடிவாதமான மஞ்சள் ஒளிந்திருக்கும்.

மைக்ரோவேவில் வெந்து சொரசொரத்த டப்பா திரும்பப் பழையபடி ஆகாது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று மீன்குழம்பு வளையத்தோடு இருந்தது. எண்ணெய், திரவம், இரண்டு நாள் வெயில் எல்லாம் பார்த்தும் ஒரு வெளிர்மஞ்சள் போகவில்லை. துணிக் கிளிப் போட்டு வைக்க மாடிக்கு அனுப்பிவிட்டேன். ஒரு கோடை முழுவதும் கொடிக்கம்பத்தின் கீழே கிடந்தது. ஒருநாள் கிளிப் எடுக்கும்போது கவனித்தேன், மஞ்சளின் அடையாளமே இல்லை. மூடியை அழுத்தினேன், ஓரம் அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வந்தது.