ஒரு கட்டத்துக்குள் நான்கு பதில்கள்

ஊர்ப்புற நூலகம் ஒன்றின் வாசகர் வட்டம் கருத்துக்கணிப்பு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். நூலகத்தை எந்த நேரத்தில் திறந்து வைத்தால் வசதி என்பதுதான் கேள்வி. அதிகாலை, காலை, மாலை, ஞாயிறு என்று நான்கு விருப்பங்கள்; வேண்டியதையெல்லாம் டிக் செய்யலாம். கூகுள் ஃபார்ம்ஸ் வழியாக 120 பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். (இங்கே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை.)

பதில்கள் விரிதாளில் வந்து விழும்போது ஆளுக்கு ஒரு வரிசை. முதல் நெடுவரிசையில் பதில் வந்த தேதியும் நேரமும், பிறகு கேள்விக்கு ஒரு நெடுவரிசை. வயதுப் பிரிவு, கல்வி போன்றவற்றில் தொல்லை இல்லை. கட்டத்துக்கு ஒரு பதில்தான். நேரக் கேள்வியில்தான் சிக்கல். ஒருவர் மூன்றை டிக் செய்திருந்தால் மூன்றும் ஒரே கட்டத்தில், காற்புள்ளியும் இடைவெளியும் விட்டு, "அதிகாலை, மாலை, ஞாயிறு" என்று வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இதை அப்படியே எக்செலில் திறந்து, Insert பட்டியில் PivotChart-ஐத் தட்டினால் படம் வராமல் போகாது. வரத்தான் செய்யும். ஆனால் "மாலை" ஒரு தூண், "மாலை, ஞாயிறு" இன்னொரு தூண், "காலை, மாலை" வேறொரு தூண். எக்செலுக்கு ஒரு கட்டத்தில் இருப்பது ஒரே சொல்தொடர். அதற்குள் எத்தனை பதில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. நான்கு விருப்பங்களை 15 விதமாகச் சேர்க்கலாம் என்பதால் 15 தூண்கள் வரை முளைக்கலாம். மாலை வேண்டும் என்றவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பது அவற்றில் எட்டுத் தூண்களில் சிதறிக் கிடக்கும்.

ஆகவே படத்துக்கு முன்னால் கொஞ்சம் தச்சு வேலை. ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு புது நெடுவரிசை போட்டு, டிக் செய்தவருக்கு 1, செய்யாதவருக்கு 0 என்று நிரப்ப வேண்டும். முதலில் Ctrl+T அழுத்தி முழுத் தரவையும் டேபிள் ஆக்கிக்கொண்டால், ஒரு கட்டத்தில் எழுதும் சூத்திரம் அந்த நெடுவரிசை முழுக்கத் தானாக இறங்கிவிடும். நேரக் கேள்வியின் பதில் E நெடுவரிசையில் இருக்கிறது என்றால், பலரும் முதலில் எழுதுவது இதுதான்:

```
=IF(ISNUMBER(SEARCH("காலை",E2)),1,0)
```

கட்டத்துக்குள் "காலை" என்ற சொல் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் 1 போடும் சூத்திரம். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் "அதிகாலை"க்குள்ளும் ஒரு "காலை" ஒளிந்திருக்கிறதே! 60 வயதைத் தாண்டியவர்கள் 24 பேரில் காலை கேட்டவர்கள் 6, அதிகாலை கேட்டவர்கள் 18, இரண்டையும் கேட்டவர்கள் 2 என்று கொண்டால், இந்தச் சூத்திரம் காலைக்கு 22 பேரைக் காட்டிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதிகாலையில் 1 இருக்கும் வரிசைகளை வடிகட்டிப் பார்த்து, காலையிலும் எல்லாமே 1 ஆக இருந்தால் விஷயம் புரிந்துவிடும். மருந்து எளிது: தேடும் சொல்லுக்கும் தேடப்படும் கட்டத்துக்கும் இருபுறமும் காற்புள்ளியை வேலியாகக் கட்டிவிடுவது.

```
=IF(ISNUMBER(SEARCH(", காலை,",", "&E2&",")),1,0)
```

இப்போது முழுச் சொல் பொருந்தினால்தான் 1. மற்ற மூன்று விருப்பங்களுக்கும் சொல்லை மட்டும் மாற்றி இதையே எழுதிக்கொள்ளலாம்.

பிவட் சார்ட்டுக்கு இனி வரலாம். 1993-இல் வந்த எக்செல் 5-இலேயே பிவட் டேபிள் உண்டு. அதையொட்டியே நகரும் பிவட் சார்ட் எக்செல் 2000-இல் சேர்ந்தது. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல: டேபிளில் ஒன்றை மாற்றினால் படமும் மாறும். டேபிளுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று PivotChart-ஐத் தேர்ந்தால், வலப்பக்கம் நெடுவரிசைப் பெயர்களும் கீழே நான்கு பெட்டிகளும் தெரியும். வயதுப் பிரிவை Axis பெட்டிக்கு இழுத்துவிட வேண்டும். புதிதாகப் போட்ட நான்கு நெடுவரிசைகளையும் Values பெட்டிக்கு. அவ்வளவுதான் இழுபறி.

கட்டங்களில் வெறும் எண்களே இருப்பதால் எக்செல் அவற்றைக் கூட்டித் தரும். 30 வயதுக்கு உட்பட்டவர்கள் 60 பேர். அவர்களில் மாலை கேட்டவர்கள் 45. முதியவர்களில் அதிகாலை கேட்டவர்கள் 18. இந்தப் படத்தைக் கூட்டத்தில் காட்டினால் எல்லோர் கண்ணும் இளைஞர்களின் நெடிய மாலைத் தூணில்தான் நிற்கும். முதியவர்களின் அதிகாலைத் தூண் அதன் பாதி உயரம்கூட இல்லை. ஆனால் 60-இல் 45 என்றாலும் 24-இல் 18 என்றாலும் அதே நான்கில் மூன்று பங்கு. அந்தத் தூண் குட்டையாக இருப்பதற்கு ஒரே காரணம், முதியவர்கள் குறைவாகப் பதில் சொன்னதுதான்.

விழுக்காட்டுக்கு மாற்ற வேண்டும் என்றதும் கை போவது Show Values As என்ற பட்டிக்கு. பதில்களைத் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து வைத்துவிட்டு, அதில் % of Row Total போடுகிறவர்கள் அதிகம். அங்கேதான் இரண்டாவது சறுக்கல். அது ஆட்களைக் கொண்டு வகுக்காது, டிக்குகளைக் கொண்டு வகுக்கும். 24 முதியவர்களும் சேர்ந்து 33 டிக் போட்டிருந்தால், அதிகாலைக்கு 18-ஐ 33-ஆல் வகுத்து 55 விழுக்காடு என்று சொல்லும். உண்மையில் அதிகாலை கேட்ட முதியவர்கள் 75 விழுக்காடு. 55 என்பது பொய் இல்லை. டிக்குகளில் அதிகாலையின் பங்கு அது. ஆனால் வாசகர் வட்டம் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

1, 0 என்று போட்டு வைத்தது இங்கேதான் கைகொடுக்கிறது. ஒன்றுகளும் சுழிகளும் மட்டுமே உள்ள நெடுவரிசையின் சராசரிதான், டிக் செய்தவர்களின் பங்கு. எனவே பிவட் டேபிளில் ஓர் எண்ணின் மேல் வலது கிளிக் செய்து, Summarize Values By என்பதில் Average-ஐத் தேர்ந்து, எண் வடிவத்தை விழுக்காடாக்கினால் போதும். நான்கு நெடுவரிசைகளுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருப்பது கொஞ்சம் அலுப்புதான். இப்போது முதியவர்களின் அதிகாலைத் தூணும் இளைஞர்களின் மாலைத் தூணும் ஒரே உயரத்தில், 75-இல் நிற்கும். படத்தின் குறிப்பில் "Average of மாலை" என்று இருப்பதை வெறும் "மாலை" என்று மாற்றப் போனால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று எக்செல் மறுக்கும். பின்னால் ஓர் இடைவெளி சேர்த்துத் தட்டச்சு செய்தால் ஏற்றுக்கொள்ளும்.

விழுக்காடு ஆள் எண்ணிக்கையை மறைத்துவிடும் என்பதால், வயதுப் பிரிவின் பெயரோடு "24 பேர்" என்று சேர்த்து எழுதுவது நல்லது. 24 பேர் உள்ள குழுவில் ஒருவர் மனம் மாறினாலே தூண் நான்கு விழுக்காடு ஏறி இறங்கும். ஏதாவது ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால், பிவட் டேபிளில் அந்த எண்ணை இரட்டைக் கிளிக் செய்யலாம். அதற்குப் பின்னால் உள்ள ஆட்களின் வரிசைகள் புதிய தாளில் விரியும்.

படத்தை அச்சிட எடுக்கும் நேரத்தில் தாமதமாக 9 பேர் பதில் அனுப்புவார்கள். அவற்றை டேபிளின் அடியில் ஒட்டினால் சூத்திரங்கள் தானே நிரம்பிக்கொள்ளும். படம் மட்டும் அசையாது. பிவட் டேபிள் தரவின் நகல் ஒன்றைத் தனக்குள் வைத்துக்கொண்டு அதிலிருந்தே கணக்குப் போடுகிறது. வலது கிளிக் செய்து Refresh கொடுத்தால்தான் புதிய ஒன்பது பேரும் உள்ளே வருவார்கள். வந்துவிட்டார்களா என்று பார்க்க, தேதி நெடுவரிசையையும் Values பெட்டியில் Count ஆகப் போட்டு Grand Total-ஐப் பார்க்கலாம். அங்கே 129 இருக்க வேண்டும். பார்த்ததும் அதை எடுத்துவிடாவிட்டால், விழுக்காட்டுத் தூண்களுக்கு நடுவே பனைமர உயரத்தில் ஒரு தூண் நிற்கும்.