தொப்புளைச் சுற்றி வரும் வலி

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று மாதமாக, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொப்புளின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். அரை மணி நேரத்தில் விளையாடப் போய்விடுகிறாள். எடை குறையவில்லை, இரவில் நன்றாகத் தூங்குகிறாள்.

வலி தொப்புளைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த அளவுக்கு உறுப்புக் கோளாறை சந்தேகிக்க வேண்டும் என்றார் பிரிட்டனின் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவு, மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, விடாத காய்ச்சல் இருந்தால் உடனே பரிசோதனை தேவை.

இவை எதுவும் இல்லாத இந்தச் சிறுமிக்குக் குடல் நரம்புகள் கூடுதல் கூர்மையாக இருக்கின்றன. மற்றவர்கள் உணராத வாயுவும் குடல் அசைவும் இவளுக்கு வலியாகத் தெரிகின்றன. வலி நிஜம், அவள் நடிக்கவில்லை. மலச்சிக்கல் இருக்கிறதா என்று மட்டும் அவசியம் பாருங்கள்.

ஸ்கேனில் 'சிறு நெறிக்கட்டிகள்' என்று வந்ததும் காசநோயோ என்று பெற்றோர் கலங்குகிறார்கள். ஆரோக்கியமான குழந்தைகளின் வயிற்றிலும் அவை சகஜம். "வலிக்குதாம்மா?" என்று அடிக்கடி கேட்காதீர்கள், கேட்கக் கேட்க அவள் கவனம் வயிற்றிலேயே நிற்கும். சற்று நேரம் படுக்கவைத்துவிட்டு, தாமதமானாலும் பள்ளிக்கு அனுப்புங்கள்.