வெந்நீர் ஏன் வரவில்லை?

நல்ல வெயில் அடித்தும் மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் காலையில் வெந்நீர் வரவில்லையா? முதல்நாள் மாலையே திறந்து பாருங்கள். மாலையில் நன்றாகச் சுட்ட நீர் விடிவதற்குள் ஆறிவிட்டால், தொட்டியைச் சுற்றியுள்ள பஃப் நுரையில் ஈரம் இறங்கியிருக்கலாம். மாலையிலேயே வெதுவெதுப்புதான் என்றால், பெரும்பாலும் கண்ணாடிக் குழாய்களில் உப்பு படிந்திருக்கும். போர்வெல் நீரின் சுண்ணாம்பு, சூடேறும்போது பிரிந்து அடியில் வெள்ளையாகத் தங்குகிறது. வெயில் ஏறுமுன் தொட்டியை வடித்து, குழாயைக் கழற்றி, சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம். குழாயின் அடிமுனையில் வெள்ளிப் பூச்சு வெளுத்திருந்தால் கழுவிப் பயனில்லை. உள்ளிருந்த வெற்றிடம் போய்விட்டது, குழாயையே மாற்ற வேண்டும். மேகமூட்ட நாளுக்கான மின் ஹீட்டரிலும் இதே உப்பு படியும். அதை இரவு முழுக்க ஓடவிடாமல் விடியற்காலையில் போடுங்கள்; தொட்டியில் நீர் இருப்பதை உறுதிசெய்த பிறகு மட்டும்.