சர்க்கரையைப் பாதியாக்கினால் கேக் என்ன ஆகும்?

பேஸ்ட்ரி பள்ளியின் எழுத்துத் தேர்வில் கேட்கத்தக்க கேள்வி ஒன்று: மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 200 கிராம், முட்டை நான்கு, கொஞ்சம் பேக்கிங் பவுடர். இதில் சர்க்கரையை மட்டும் 100 கிராம் ஆக்கினால் கேக் எப்படி வரும்?

'இனிப்பு குறையும்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அந்தக் கேக் வெளிறி, நடுவில் கூம்பிப் பிளந்து, மெல்லும்போது ரொட்டி போல இழுக்கும்.

காரணம் தண்ணீர். மைதாவின் புரதங்கள் ஈரம்பட்டுக் கலக்கும்போது இணைந்து, ரப்பர் போல இழுபடும் வலையாகின்றன. அதுதான் குளூட்டன். சர்க்கரை அந்த ஈரத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் பிடித்துக்கொள்வதால் வலை பலவீனமாகவே உருவாகும். சர்க்கரை பாதியானால் வலை இறுகிவிடும்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. முட்டையும் மாவுச்சத்தும் வெந்து கெட்டியாகும் வெப்பநிலையை அது உயர்த்துகிறது. அந்த அவகாசத்தில்தான் பேக்கிங் பவுடரின் வாயு கேக்கை உயர்த்துகிறது. சர்க்கரை குறைந்தால் ஓரமும் மேற்புறமும் சீக்கிரமே இறுகிவிடும். நடுமாவு பிளந்துகொண்டு மேலேறும்.

பேக்கிங் பவுடரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் எழுதுவார்கள். அது தவறு. பவுடர் புதிய குமிழ்களை உண்டாக்குவதில்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்கும்போது சிக்கிய காற்றுக் குமிழ்களைத்தான் பெரிதாக்குகிறது. சர்க்கரைப் பரல்கள் குறைந்தால் அந்தக் குமிழ்களும் குறையும்.

வீட்டில் சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் 200 கிராமுக்கு 160 போட்டுப் பாருங்கள். மைதா சேர்த்தபின் வெள்ளை மறையும்வரை மட்டும் கலக்குங்கள்.