விட்டுவிட்டு அடிக்கும் தண்ணீர்

காரில் பாதிகூடக் கழுவியிருக்க மாட்டேன். பிரஷர் வாஷரின் சத்தம் மாறியது. ஒரே சீராக இரைந்துகொண்டிருந்த மோட்டார் ஏறியிறங்கி முனக ஆரம்பித்தது. கன்னிலிருந்து ஈட்டி மாதிரி பாய்ந்த தண்ணீர் திடீரெனத் துவளும், மறுபடி சீறும், மறுபடி துவளும். கையில் பிடித்திருந்த கன்னே துடித்தது. வாங்கி 2 வருடம் ஆன மெஷின். பம்ப் போய்விட்டது என்றே முடிவுகட்டினேன்.

தெருமுனையில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் போனில் சொன்னேன். அவர் பம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “வீட்ல பத்து லிட்டர் பக்கெட் இருக்கா சார்? மெஷின்ல மாட்டுற ஓஸைக் கழட்டி அதுல விடுங்க. ரொம்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க” என்றார்.

1 நிமிடம் 45 விநாடி ஆனது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 5.7 லிட்டர். மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் நிமிடத்துக்கு 6.5 லிட்டர் என்று போட்டிருந்தது. என் பம்ப் தள்ளும் தண்ணீர் அதற்குக் கிடைக்கும் தண்ணீரைவிட அதிகம்! வட்டாவில் மிஞ்சிய காபியை உறிஞ்சும்போது ‘சர்’ரென்று காற்றும் சேர்ந்து வருமே, அதே கதை.

இந்த வகை பம்ப் அழுத்தத்தைத் தானாக உண்டாக்குவதில்லை. உள்ளே பெரும்பாலும் மூன்று பிஸ்டன்கள் மாறிமாறி முன்னும் பின்னும் போய், வந்த தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. அந்தத் தண்ணீரை நாசிலின் சின்ன ஓட்டை மறிப்பதால்தான் அழுத்தம் ஏறுகிறது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றை முடியும். பிஸ்டனுக்கு முன்னால் காற்றுக் குமிழி வந்து உட்கார்ந்தால், அந்தத் தள்ளு குமிழியை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். தண்ணீர் துவண்டுபோகும் கணம் அதுதான்.

குழாயில் நேராகப் பக்கெட்டை வைத்தபோது 50 விநாடியில் நிரம்பியது. ஆக, மாடித் தொட்டியிலும் குழாயிலும் கோளாறில்லை. இடையில்தான் எங்கோ அடைப்பு. என் ஓஸ் பழையது, ஒல்லி, 15 மீட்டர் நீளம், இரண்டு இடத்தில் மடங்கிப் பழுத்திருந்தது. மாடித் தொட்டித் தண்ணீருக்கு உந்துசக்தியே குறைவு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் அதுகூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு ஒல்லி ஓஸில் அவ்வளவு தூரம் ஓடிவா என்றால் எப்படி வரும்? முக்கால் இஞ்சு ஓஸைக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் போட்டேன். 65 விநாடி. நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல். மெஷின் கேட்பதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும் என்பார் கடைக்காரர்.

அடுத்தது ஃபில்டர். ஓஸ் மாட்டும் வாய்க்குள் விரல்நுனி அளவில் ஒரு வலைக் கிண்ணம் இருக்கும். நுனி ஒல்லியான பிளையரால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். என்னுடையதில் பாசியோடு வெள்ளையாகச் சுருள்சுருளாக ஏதோ சிக்கியிருந்தது. தொட்டிக்கு லைன் மாற்றியபோது பிளம்பர் அறுத்த பிவிசி பைப்பின் தூள்! பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து அலசினேன். தொல்லை என்று இந்த வலையைத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. அன்று தண்ணீர் நன்றாகத்தான் பாயும். ஆனால் வலையில் நிற்க வேண்டிய மணல் பம்பின் வால்வில் போய் நிற்கும்.

இவ்வளவு செய்தும் துடிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஓஸை மெஷினோடு இணைக்கும் கிளிப் கனெக்டரில் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. சொட்டுத்தானே என்று மாதக்கணக்காக விட்டிருந்தேன். கடைக்காரர் வந்து பார்த்ததும் அங்கேதான் கையை வைத்தார். “மெஷின் நிக்கிறப்ப இது தண்ணி விடும். ஓடுறப்ப ஏர் எடுக்கும்.” பம்ப் உறிஞ்சும்போது வரத்து கொஞ்சம் பற்றாமல் போனாலும், தண்ணீர் கசிந்த அதே இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது. கிணற்று மோட்டாரின் சக்‌ஷன் பைப்பில் விரிசல் விட்டால் என்ன பாடு என்று விவசாயிகளுக்குச் சொல்லவே வேண்டாம். கனெக்டருக்குள் இருந்த ஓ-ரிங் வெடித்துச் சப்பையாகியிருந்தது. வேறு ஒன்று போட்டார்.

பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. மோட்டாரைப் போடாமல், நாசிலைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து டிரிகரை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். முதலில் புஸ்புஸ்ஸென்று துப்பியது. ஒரு நிமிடத்தில் தண்ணீர் கம்பிபோல் நிதானமாக வந்தது. அதற்கப்புறம் நாசிலை மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் பழைய சீற்றம் திரும்பிவிட்டது.

வரத்து சரியாக இருந்தும் துடித்தால்? அந்தத் துடிப்பின் தாளம் வேறு என்றார் அவர். காற்றால் வருவது ஒழுங்கில்லாமல் தத்தளிக்கும். கடிகாரம்போல ஒரே சீராக அடித்தால் பம்பின் சின்ன வால்வு ஒன்றில் மணல் சிக்கி ஒரு பிஸ்டன் சும்மா ஓடலாம். இல்லையென்றால் அன்லோடர் வால்வு. டிரிகரை விட்டதும் தண்ணீர் போக வழியின்றி பம்புக்குள் அழுத்தம் எகிறும். அப்போது திறந்து தண்ணீரை உள்வழிக்கே திருப்பிவிடுவது இந்த வால்வுதான். நாசிலில் பாதி அடைப்பு என்றால் நாம் டிரிகரை விட்டுவிட்டோம் என்று அது ஏமாந்து திறக்கும், அழுத்தம் இறங்கியதும் மூடும், மறுபடி திறக்கும். அதனால் முதலில் நாசில் ஓட்டையை மெல்லிய ஊசியால் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் வால்வின் பிஸ்டன் உப்புப் படிந்து ஒட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். போர்த் தண்ணீர் வீடுகளில் இது சகஜம். கழற்றித் துடைத்து, ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டலாம். அதற்கு முன்பு பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, டிரிகரை அமுக்கி உள்ளே தேங்கிய அழுத்தத்தை விட்டாக வேண்டும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். விரலை வைத்துப் பார்க்கிற இடமில்லை அது. அழுத்தம் குறைகிறதே என்று அன்லோடரின் ஸ்க்ரூவை முறுக்குகிறவர்களைக் கண்டால் கடைக்காரருக்கு ஆகாது. மூலக் கோளாறு அப்படியே இருக்கும், பம்புக்குத்தான் சுமை ஏறும்.

டிரிகரைத் தொடாமலே மோட்டார் அவ்வப்போது ‘டுர்’ரென்று ஓடி நின்றால் அது கசிவின் அடையாளம். கன்னிலோ, பிரஷர் ஓஸின் முனையிலோ, பம்பின் உள்வால்விலோ அழுத்தம் ஒழுகுகிறது.

கடைசியாகத்தான் சீல். அவர் கடையில் அன்று வேறொரு மெஷின் பிரிந்து கிடந்தது. பம்பின் அடியில் சொட்டு விழுந்த தடம். வடித்து வைத்திருந்த ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. பிஸ்டனைச் சுற்றியிருந்த சீல்கள் தேய்ந்து, தண்ணீர் ஆயில் பக்கம் இறங்கிவிட்டதாம். டிரிகரை விட்டால் மோட்டார் நிற்காத பழைய ரக மெஷின் அது. உரிமையாளர் கன்னைக் கீழே வைத்துவிட்டுப் போன் பேசப் போயிருக்கிறார். திரும்பி வரும்வரை அதே இத்தனூண்டு தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச்சுற்றிக் கொதித்திருக்கிறது. சீல் செட் கிடைத்தால் மாற்றிவிடலாம், ஆனால் பிஸ்டனிலேயே கோடு விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது என்றபடி, பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பி நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.