அடித்த வரி எது, நிற்கும் வரி எது?

பிளஸ் டூ மாணவி ஒருத்தி, தோழியின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் எவ்வளவு என்ற டெரிவேஷன். பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். "சார், இதுல எதைப் படிக்கணும்?" என்று கேள்வி.

அடித்ததை விட்டுவிட்டு மிச்சத்தைப் படி என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அவள் தப்பாகத்தான் படிப்பாள். ஏன் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

+q, −q என்ற இரண்டு மின்னூட்டங்கள் 2a இடைவெளியில் இருக்கின்றன. அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து r தொலைவில், +q இருக்கும் பக்கமாக, மின்புலத்தைக் கணக்கிட வேண்டும். 1/4πε₀ என்பதைச் சுருக்கமாக k என்று எழுதிக்கொள்வோம். போட்டோவில் இருக்கும் வரிகளுக்கு நாமே எண் போட்டால் இப்படி வரும்:

```
1) E₊ = kq/(r−a)²
2) E₋ = kq/(r+a)²
3) E = kq[1/(r−a)² + 1/(r+a)²]
4)   = kq(2r²+2a²)/(r²−a²)²
5) E = kq[1/(r−a)² − 1/(r+a)²]
6)   = kq·4ra/(r²−a²)
7)   = kq·4ra/(r²−a²)²
8) r >> a: E = kq·4ra/r⁴ = kq·4a/r³
9) E = 2kp/r³
```

3, 6 இரண்டும் குறுக்கே நீளமாக அடிக்கப்பட்டிருக்கின்றன. 8இல் மேலே உள்ள r மீதும், கீழே r⁴இன் 4 மீதும் சின்னச் சாய்கோடு. அந்த 4க்குப் பக்கத்தில் பொடியாக ஒரு 3. 2ஆவது வரி மீதும் மங்கலாக ஒரு கோடு ஓடுகிறது. 4ஆவது வரியை யாரும் தொடவில்லை. 9ஐச் சுற்றிக் கட்டம்.

முதலில் 2ஆவது வரியின் கோட்டைப் பார்ப்போம். போட்டோவைப் பெரிதாக்கினால் அது நீலமாக, மார்ஜினைத் தாண்டி இடது ஓரம் வரை போவது தெரிகிறது. அதே இடைவெளியில் மேலேயும் கீழேயும் அதே மாதிரிக் கோடுகள். அது நோட்டில் அச்சடித்த கோடு. பேனாவால் அடித்த கோடு எழுத்து தொடங்கும் இடத்தில் தொடங்கி, முடியும் இடத்தில் முடியும், கொஞ்சமாவது வளையும். ஆகவே 2ஆவது வரி உயிரோடுதான் இருக்கிறது. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. போனில் ஸ்கேன் ஆப் போட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினால் பென்சிலால் லேசாக அடித்த கோடு மறைந்துபோகலாம். சந்தேகம் இருந்தால் ஃபில்டர் போடாத போட்டோவைக் கேட்டு வாங்குவது நல்லது.

8ஆவது வரியின் சாய்கோடுகள் வேறு வகை. அவை எதையும் தப்பு என்று சொல்லவில்லை. மேலே ஒரு r, கீழே நான்கு r. ஒன்றுக்கு ஒன்று கேன்சல் ஆகி, கீழே மூன்று மிஞ்சுகிறது. அதனால்தான் பக்கத்தில் அந்த 3. இந்தக் கோடுகள் கணக்கின் ஒரு பகுதி. கேன்சல் கோடு எப்போதும் ஜோடியாக வரும்: மேலே ஒன்று, கீழே ஒன்று. நிராகரித்த கோடு தனியாக, ஒரு வரி முழுவதையும் வெட்டிக்கொண்டு போகும்.

இனி 4ஆவது வரி. அடிக்கவில்லையே, அதுவும் உண்டுதானே என்று மாணவி கேட்பாள். "அது எந்த வரியிலிருந்து வந்ததுன்னு பாரும்மா" என்பதுதான் பதில். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, எண் போட்டுப் பார்ப்பது. a = 1, r = 2 என்று வைத்து, kqவை ஒதுக்கிவிட்டால், 4ஆவது வரி 10/9 தருகிறது. அடித்த 3ஆவது வரியும் 1 + 1/9, அதாவது 10/9. 5ஆவது வரியோ 1 − 1/9 = 8/9. ஆக, 4ஆவது வரி 3இன் வாரிசு. தோழி 3இல் குறி தப்பு என்று கண்டதும் அதை அடித்தாள். அதிலிருந்து பிறந்த வரியை அடிக்க மறந்துவிட்டாள்.

3இல் ஏன் கூட்டல் தப்பு? அந்தப் புள்ளியில் +qவின் புலம் வெளியே தள்ளும், −qவின் புலம் உள்ளே இழுக்கும். திசை எதிரெதிர் என்பதால் கழிக்கத்தான் வேண்டும். 4ஆவது வரியை நம்பினால், வெகுதூரத்தில் புலம் 2kq/r² ஆகிவிடும். 2q மின்னூட்டம் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல. மொத்த மின்னூட்டம் சுழியாக இருக்கும் ஒன்றுக்கு அப்படி வர வாய்ப்பே இல்லை.

அதே எண்களை 6, 7இலும் போட்டுப் பார்க்கலாம். 6 தருவது 8/3. 7 தருவது 8/9. 5உடன் ஒத்துப்போவது 7தான். 6இல் கீழே வர்க்கம் விட்டுப்போயிருக்கிறது. இதற்கு எண்கூடத் தேவையில்லை: 6இல் 4ra, r²−a² இரண்டுமே நீளத்தின் வர்க்கம், வகுத்தால் நீளமே மிஞ்சாது. மின்புலத்துக்கு kqவைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தாக வேண்டும்.

இந்தப் போட்டோவில் இன்னொன்றும் இருக்கிறது. வலது ஓரத்தில் (1 + 2a/r) − (1 − 2a/r) = 4a/r என்று எழுதி, பெருக்கல் குறி போட்டு அடித்திருக்கிறாள். அது தப்பே இல்லை. r மிகப் பெரிது என்பதை முதலிலேயே பயன்படுத்தி, ஈருறுப்புத் தேற்றத்தால் விரிக்கும் குறுக்குவழி அது. kq/r²ஆல் பெருக்கினால் அதே 4kqa/r³ வந்துவிடும். வழியை மாற்றிக்கொண்டதால் அடித்திருக்கிறாள். அடித்ததெல்லாம் தவறு என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இயற்பியல் வரலாற்றிலேயே பெரிய சாட்சி உண்டு. ஐன்ஸ்டைன் சூரிச்சில் 1912-13 காலத்தில் எழுதிய நோட்டில், பொதுச் சார்பியலின் சரியான சமன்பாடுகளுக்கு மிக அருகில் போய், அவற்றைக் கைவிட்டார். 1915 நவம்பரில் அதே பாதைக்குத் திரும்பி வந்தார்.

ஆகையால் இறுதி வழிமுறையைப் பொறுக்கக் கீழிருந்து மேலே போக வேண்டும். கட்டம் போட்ட 9 எங்கிருந்து வந்தது? p = 2qa என்பதால் 8இன் 4qa, 2p ஆனது. 8 எங்கிருந்து? 7இல் a²ஐ விட்டதால். 7 எங்கிருந்து? அதற்கு நேர் மேலே இருக்கும் 6இலிருந்து அல்ல, 5இலிருந்து. 5, 1இலும் 2இலும் இருந்து. சங்கிலி 1, 2, 5, 7, 8, 9 என்று நிற்கிறது. எங்காவது ஒரு கண்ணி கிடைக்காவிட்டால், படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம், அடுத்த பக்கத்தில் தொடர்ச்சி இருக்கலாம். ஊகித்து நிரப்பாமல், தோழியிடமே கேட்பதுதான் சரி.

மாணவி புதிதாக எழுதும்போது இந்த ஆறு வரிகள் மட்டும் போதாது. 5க்கும் 7க்கும் நடுவே ஒரு வரி சேர்க்க வேண்டும்: (r+a)² − (r−a)² = 4ra. தோழி இதை மனதிலேயே போட்டிருக்கிறாள். 6இல் வர்க்கம் தவறியது இந்த இடத்தில்தான்.