அமெரிக்கானோ, லாங் பிளாக், ஃபில்டர் காபி: எது உண்மையில் ஸ்ட்ராங்?

அமெரிக்கானோ, லாங் பிளாக், ஃபில்டர் காபி ஆகிய மூன்றும் காபிக் கடைகளின் பட்டியலில் பால் சேராத காபிகளாக அடுத்தடுத்து இருக்கும். முதல் இரண்டும் எஸ்பிரெசோவில் வெந்நீர் கலந்து செய்பவை. ஃபில்டர் காபிக்கு மெஷின் வேண்டாம். காகித வடிகட்டியில் காபித் தூளைப் போட்டு, மேலே வெந்நீர் ஊற்றி, தன் எடையாலேயே மெல்ல இறங்க விடுவார்கள். டபரா டம்ளரில் வரும் நம் ஊர் ஃபில்டர் காபியின் செய்முறை வேறு. அதைக் கடைசியில் தனியாகப் பார்க்கலாம்.

எஸ்பிரெசோ எப்படி இறங்குகிறது என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். இன்றைய கடைகளில் இரட்டை எஸ்பிரெசோவுக்குச் சுமார் 18 கிராம் காபித் தூள் போடுவது வழக்கம். தூள் மிக நைசாக இருக்கும். 90 டிகிரியைச் சற்றுத் தாண்டிய வெந்நீரை, காற்றழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் மெஷின் அதற்குள் செலுத்துகிறது. 25 முதல் 30 நொடிகளில் சுமார் 36 கிராம் கெட்டியான காபி இறங்குகிறது. தூளில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3.6 கிராம், அதில் கரைந்திருக்கும். அப்படியானால் எஸ்பிரெசோவில் பத்தில் ஒரு பங்கு காபிச் சத்து, மீதி தண்ணீர்.

இதே 36 கிராமை 100 மில்லி வெந்நீரில் சேர்த்தால் லாங் பிளாக். கரைந்த சத்து அதே 3.6 கிராம்தான்; மொத்தம் 136 கிராமில் அது சுமார் 2.6 சதவீதம். அதே எஸ்பிரெசோவில் 200 மில்லி வெந்நீர் சேர்த்தால் அமெரிக்கானோ; அடர்த்தி சுமார் 1.5 சதவீதமாகக் குறைகிறது. ஃபில்டர் காபிக்கு 15 கிராம் தூளும் 250 மில்லி தண்ணீரும் எடுத்துக்கொள்வோம். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் கோப்பைக்கு வருவது 220 மில்லி. இங்கும் ஐந்தில் ஒரு பங்கு கரைந்தால் 3 கிராம். அடர்த்தி சுமார் 1.4 சதவீதம். ஆக, நாக்கில் கெட்டியாகத் தெரிவது லாங் பிளாக். அமெரிக்கானோவும் ஃபில்டர் காபியும் அடர்த்தியில் ஏறக்குறைய ஒன்றே. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாலும் எது எது என்று பலரால் சொல்லிவிட முடியும். அடர்த்தி வேறு, சுவை வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அந்த வேறுபாட்டுக்கு முதல் காரணம் காகிதம். 1908இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி, மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, துளையிட்ட பாத்திரத்தில் வைத்துக் காபி வடித்தார். கோப்பையில் மண்டி இல்லாத தெளிந்த காபி கிடைத்தது. காகிதம் மண்டியை மட்டுமல்லாமல் காபியின் எண்ணெயையும் பெருமளவு பிடித்துக்கொள்ளும். கெட்ட கொழுப்பைக் கூட்டும் காஃபெஸ்டால் என்ற பொருள் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. எண்ணெயும் நுண்துகளும் போய்விடுவதால் ஃபில்டர் காபி வெளிச்சத்தில் தேநீர்போலத் தெளிவாகத் தெரியும். புளிப்பும் பழவாசனையும் தனித்தனியே நாக்கில் படும். எஸ்பிரெசோ மெஷினில் இருப்பது உலோகச் சல்லடை. அழுத்தத்தில் எண்ணெய் நுண்துளிகளாகக் காபியோடு கலந்துவிடுகிறது. எத்தனை தண்ணீர் விட்டாலும் அது கூடவே வரும். அமெரிக்கானோ சற்றே கலங்கலாகவும் வாயில் கனமாகவும் இருப்பது அதனால்தான். எஸ்பிரெசோவுக்குப் பல கடைகள் கொட்டையைக் கூடுதலாக வறுப்பதால் கசப்பும் சேர்ந்துகொள்கிறது.

லாங் பிளாக் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேரூன்றிய வழக்கம். அங்கே கோப்பையில் முதலில் வெந்நீரை ஊற்றி, அதன்மேல் எஸ்பிரெசோவை விடுவார்கள். அமெரிக்கானோவில் பொதுவாக எஸ்பிரெசோ முதலில், வெந்நீர் பிறகு. இந்த வரிசை பாதிப்பது கிரேமா என்ற பழுப்பு நுரையை மட்டுமே. வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயு, அழுத்தத்தில் வெளிப்பட்டுச் சிறு குமிழிகளாக நிற்பதே கிரேமா. 1940களின் இறுதியில் மிலானைச் சேர்ந்த அகில்லே காஜியாவின் நெம்புகோல் மெஷின் வந்த பிறகே இந்த நுரை எஸ்பிரெசோவின் அடையாளமானது. மேலிருந்து தண்ணீர் விழுந்தால் நுரை கலைந்துவிடும். லாங் பிளாக்கில் மேலே படர்ந்து நிற்கும். முதல் சில மிடறுகளில் மணம் தூக்கலாக இருக்கும்; நுரை தன்னளவில் கசப்பானது என்பதால் கசப்பும் கூடும். தண்ணீரின் அளவு ஒன்றாக இருந்து, கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டால் இரண்டுக்கும் வேறுபாடு சொல்வது கடினம். லாங் பிளாக்கின் பெயர் பெற்ற அழுத்தம் ஊற்றும் வரிசையால் வருவதல்ல. அதில் தண்ணீர் குறைவு, அவ்வளவுதான்.

சில கடைகளில் தனியாக வெந்நீர் சேர்க்காமல், கோப்பை நிறையும்வரை அதே தூளின் வழியே மெஷினை ஓடவிடுகிறார்கள். நல்ல சத்து முதல் அரை நிமிடத்திலேயே இறங்கிவிடும். பிறகு வருவது வெறும் கசப்பும் துவர்ப்பும்தான். குடித்த பிறகு நாக்கு உலர்ந்து கரகரத்தால் காபி இப்படி வந்ததென்று சந்தேகிக்கலாம். ஃபில்டர் காபியிலும் தூள் அதிக நைசாகி, தண்ணீர் இறங்காமல் தேங்கினால் இதே கசப்பு வரும். தூள் கொரகொரப்பாகி, இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் புளிப்பும் வெறுமையுமாக இருக்கும்.

காஃபின் கணக்கு இவற்றிலிருந்து தனியானது. காஃபின் எளிதில் கரையும். எனவே அதன் அளவை முடிவுசெய்வது பெரும்பாலும் தூளின் எடையும் கொட்டையின் வகையும்தான். அராபிகாவில் காஃபின் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய அதன் இருமடங்கு. ஒரே 18 கிராம் தூளில் செய்த லாங் பிளாக்கிலும் அமெரிக்கானோவிலும் காஃபின் ஒன்றே, ஒன்று கெட்டி, மற்றது நீர்த்தது என்றாலும். ஒற்றை எஸ்பிரெசோவில் செய்த அமெரிக்கானோவைவிட ஒரு பெரிய கோப்பை ஃபில்டர் காபியில் காஃபின் கூடுதலாகவே இருக்கும். தூக்கம் கெடுமா என்று நிறத்தைப் பார்த்தோ கசப்பை வைத்தோ சொல்ல முடியாது.

நம் ஊர் டிகாக்‌ஷன் இந்த வரிசையில் நடுவே நிற்கிறது. எவர்சில்வர் அல்லது பித்தளை ஃபில்டரின் மேல்பாத்திரத்தில் 20 கிராம் தூளைப் போட்டு லேசாக அழுத்தி, கொதித்த நீர் 150 மில்லி விட்டால், மெல்லச் சொட்டி 110 மில்லி அளவுக்கு இறங்கும். தூள் கலப்பில்லாத காபியானால் அடர்த்தி மூன்றரை சதவீதத்தை ஒட்டி வரும்: காகித ஃபில்டர் காபியைவிட இரண்டரை மடங்கு, எஸ்பிரெசோவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அழுத்தம் இல்லாததால் கிரேமா கிடையாது. காகிதம் இல்லாததால் எண்ணெய் ஓரளவு இறங்கும். பாலுக்குப் பதில் முதல் டிகாக்‌ஷனில் அதன் அளவுக்கு ஒன்றரைப் பங்கு வெந்நீர் விட்டால், கிடைப்பது அமெரிக்கானோவின் அடர்த்தியிலுள்ள வரக்காபி.

சிக்கரி சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. அது காபியைவிட அதிகமாகக் கரையும். நிறமும் கெட்டித்தன்மையும் தரும். ஆனால் அதில் காஃபின் துளியும் இல்லை. இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் 49 சதவீதம்வரை சிக்கரி இருக்கலாம். விகிதம் பாக்கெட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அறுபதுக்கு நாற்பது கலவையில் 20 கிராம் போட்டால் அதில் காபி 12 கிராம்தான். கன்னங்கரேலென்று இறங்கும் அந்த டிகாக்‌ஷனில், 15 கிராம் தனிக் காபியில் வடித்த வெளிறிய ஃபில்டர் காபியைவிட, கொட்டை ஒரே வகையாக இருந்தால், காஃபின் குறைவு.